பஸ் ஸ்டாண்டில் கேட்டால் யார் கிடைப்பார்கள்?
"ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் 400 பேரிடம் கேட்டோம், மலை மக்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குச் சேலம்தான் போகிறார்கள்" என்கிறது ஒரு கணக்கெடுப்பு. சேலம் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் கேட்டால் வேறென்ன பதில் வரும்? ஆட்களைக் கூட்டினாலும் இந்தச் சாய்வு குறையாது. 400 பேருக்குச் சுமார் 5 சதவீதப் பிழை வரம்பு என்பதெல்லாம் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். இங்கே 'ஸ்டாண்டில் நின்றவர்கள் இப்படிச் சொன்னார்கள்' என்று மட்டும் எழுதலாம். சரி, குலுக்கலும் எளிதல்ல. ஒரு மலைக்கிராமத்தில் வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த வீடுகளுக்கு நான் போனபோது காப்பிப் பழம் பறிக்கும் காலம், பகலில் பாதி வீடு பூட்டு. பக்கத்துத் திண்ணையில் இருந்த பாட்டியிடம் கேட்டு நிரப்பியிருந்தால் அதுவும் கைக்குக் கிடைத்தவரைக் கேட்ட கதைதான். அதனால் இருட்டிய பிறகு அதே வீடுகளுக்கு மறுபடி போனேன். அப்படியும், பட்டியலில் இல்லாத எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளைப் பற்றி என் கணக்கு எதுவும் சொல்லாது.