கோணத்தைப் பிரிக்காமல் வந்த சரியான விடை

15 மீட்டர் உயர மொட்டை மாடியிலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30° மேல்நோக்கி எறிந்த பந்து தரையைத் தொடும் வேகம் என்ன என்ற கணக்குக்கு ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "20-ஐ அப்படியே v² = u² + 2as-ல போட்டேன், ஆன்சர் கீ-ல இருக்கிற விடையே வந்துச்சு. கோணத்தைப் பிரிக்கிறது டைம் வேஸ்ட்."

தரையைத் தொடும் வேகத்துக்கு மட்டும்தான் அது சரி. g = 10 என்றால் v² = 400 + 300 = 700. கிடை, செங்குத்து என்று பிரித்தாலும் முறையே 300 + 400, அதே 700. ஈர்ப்பு கிடைக்கூறைத் தொடுவதில்லை; கிடைக்கூறின் 300 இரண்டு பக்கமும் அப்படியே நிற்கிறது.

அடுத்த வரியில் நேரம் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 20-ஐ வைத்தால் 4.65 நொடி. செங்குத்துக்கூறு 10 மட்டுமே: −15 = 10t − 5t², அதாவது 3 நொடி. கிடைக்கூறு 17.3, எனவே தூரம் 17.3 × 3, சுமார் 52 மீட்டர். வேளச்சேரியில் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளும் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மேலே ஒருவர் தாம்பரம் ரயிலில் பந்து எறியும் கணக்கைக் கேட்டிருந்தார். அதிலும் முதலில் கூறுகள்தான். கோணமும் வேகமும் ரயிலைப் பொறுத்தவை என்றால், அப்புறம் ரயிலின் வேகத்தைக் கிடைக்கூறோடு மட்டும் கூட்டுங்கள். ஆனால் அவர் சொன்ன 30° ரயிலைப் பொறுத்ததா, தரையைப் பொறுத்ததா? அவர் போட்ட படத்தில் அது இல்லை. முழுக் கேள்வியையும் போட்டால் பார்க்கலாம்.