அந்தப் பத்தியை எதுக்கு சார் வெட்டினீங்க?

சோப்பு, ஷாம்பூ, பேஸ்ட் விற்கிற கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். முதல் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் எம்பிஏ மார்க்கெட்டிங் பிள்ளைகளின் கவர் லெட்டர்கள் என் மேஜைக்குத்தான் வரும். இந்த வருஷம் படிக்கப் படிக்க ரத்தம் கொதிக்கிறது. கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. அவர்கள் எழுதியதைத் 'திருத்தி' அனுப்புகிற பிளேஸ்மென்ட் ஆபீசர்கள் மேல்.

ஒரே கல்லூரியிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் சேர ஆவல், சவால்களை விரும்புவேன், குழுவோடு இணைந்து உழைப்பேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பையன் கடிதத்தில் கம்பெனிப் பெயரை மாற்ற மறந்து, நாங்கள் பிஸ்கட் கம்பெனியாகவே இருக்கிறோம். இதை வைத்து யாரை எடுப்பது, யாரை விடுவது?

வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பண்ருட்டிப் பக்கத்து கிராமத்துப் பெண் ஒருத்தி. "எங்க ஷாம்பூவை எங்கயாவது கவனிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "அப்பா மளிகைக் கடை வெச்சிருக்காங்க சார். உங்க ஷாம்பூ பாக்கெட் சரம் டிராயருக்குள்ளதான் கெடக்கும். முன்னாடி தொங்கறது வேற கம்பெனி" என்றாள். ஏன் என்று கேட்டதும் மடமடவென்று சொன்னாள். அந்தக் கம்பெனி லைன் சேல்ஸ்மேன் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார். சரத்தை அவரே கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார், கிழிந்த பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார். எங்கள் ஏஜென்சி ஆள் எப்போது வருவார் என்றே தெரியாது, டேமேஜ் எடுப்பதும் இல்லை. எங்கள் ஷாம்பூவில் அப்பாவுக்கு மார்ஜின் கொஞ்சம் கூடத்தான். ஆனால் கிழிந்த பாக்கெட்டுகள் கடையிலேயே தங்கி, அந்த லாபத்தைத் தின்றுவிடுகின்றன.

"இதையெல்லாம் ஏம்மா லெட்டர்ல எழுதல?"

"எழுதினேன் சார். பெட்டிக்கடைக் கதையெல்லாம் கார்ப்பரேட்டுக்கு எழுதக்கூடாதுன்னு பிளேஸ்மென்ட் சார் எடுத்துட்டாங்க."

யார் சார் உங்களுக்கு அப்படிச் சொன்னது? எங்கள் பிழைப்பே அந்தக் கடைதானே! ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனதே அதே கடலூர் மாவட்டத்து ஆட்கள்தான். சின்னிகிருஷ்ணன் பாக்கெட் ஷாம்பூவுக்கு வழிகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி, காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று வாடிக்கையாளரைக் கடைக்கே வரவைத்தார். கடைக்காரர், வாங்குகிறவர் இரண்டு பேரையும் தெரிந்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

அந்தப் பெண் எழுதியிருந்த பத்தியை எனக்குத் தனியாக அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தேன். ஐந்தே வரி. டிராயருக்குள் கிடக்கும் சரம், அதற்கு அவள் கண்ட காரணம். ஒரு கடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அவளே சொல்லிவிட்டு, இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறாள். ஒரே ஏஜென்சியின் கீழ் ஏறக்குறைய ஒரே அளவு வியாபாரம் நடக்கிற கடைகளை மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்குக் கொக்கியும் தொங்கும் சரமும் மட்டும். இன்னொன்றுக்கு அவற்றோடு வாரம் தவறாத விசிட்டும், டேமேஜ் திருப்பி எடுப்பதும். மூன்றாவதை இருக்கிறபடியே விட்டுவிட வேண்டும். முதல் ஆர்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது, கடைக்காரர் சரக்கு தீர்ந்து மறுபடி கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்கிறாள். ஏஜென்சிக்கு நாங்கள் அனுப்பும் சரக்கை விற்பனை என்று கணக்குக் காட்டி ஏமாந்த மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிக்கும் முன்பே இந்தப் பெண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அதைத்தான் வெட்டி எறிந்துவிட்டு 'சவால்களை விரும்புவேன்' என்று போட்டிருக்கிறார்கள்!

இன்டர்னுக்கு நாங்கள் கொடுப்பது வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. கடிதத்தில் நான் தேடுவது இரண்டுதான். எங்கள் பொருளைக் கடையில் போய்ப் பார்த்தாயா? அங்கே பார்த்ததை வைத்து எதைச் சோதித்துப் பார்ப்பாய்? அப்பாவுக்குக் கடை இருக்க வேண்டும் என்பதில்லை. தெருமுனைக் கடையில் அரை மணி நேரம் நின்றாலே எழுத விஷயம் கிடைக்கும். பேக்கிங் நிறத்தை மாற்றுங்கள், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுங்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து யோசனை சொல்வதைவிட அது எனக்கு ஆயிரம் மடங்கு உபயோகம்.

இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான் என்று எச்ஆர் போர்ட்டல் அவளுடைய புதுக் கடிதத்தை ஏற்க மறுக்கிறது. பழைய கடிதத்தைப் பார்த்து முதல் சுற்றிலேயே ஒதுக்கியும் விட்டார்கள். அந்த ஐந்து வரியையும் இணைத்து எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கிறேன், பதில் வருகிறவரை விடப்போவதில்லை. அந்த பிளேஸ்மென்ட் ஆபீசருக்கும் எழுதிவிட்டேன்: எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள் சார், பிள்ளைகள் கடையில் பார்த்ததைத் தொடாதீர்கள்.