ஜூலையில் பிராக்டிகலும் எழுத வேண்டுமா?

"சிபிஎஸ்இ 12-ல் பையனுக்கு இயற்பியல் மட்டும் கம்பார்ட்மென்ட். தியரி 19, பிராக்டிகல் 27. மொத்தம் 46 இருந்தும் ஏன் பெயில்? பிராக்டிகலும் திரும்பச் செய்யணுமா?"

தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். 70-க்கு 23 எடுத்திருக்க வேண்டும், நான்கு மதிப்பெண் குறைகிறது. கூட்டிய 46 அதை ஈடுகட்டாது. மதிப்பெண் பட்டியலில் பலரும் மொத்தத்தை மட்டும் பார்த்துக் குழம்புவது இங்கேதான்.

பிராக்டிகல் மீண்டும் வேண்டாம். அதில் தேறியதால் அந்த 27 அப்படியே தொடரும், ஜூலையில் நடக்கும் கம்பார்ட்மென்ட் தேர்வில் தியரி மட்டும் எழுதினால் போதும். பிராக்டிகலில் தவறியவர்கள்தான் இரண்டையும் எழுத வேண்டும்.

12-ம் வகுப்பில் ஒரே பாடத்துக்குத்தான் கம்பார்ட்மென்ட். ஆறாவது பாடம் எடுத்து அதில் தேறியிருந்தால், விதிப்படி அது தவறிய பாடத்தின் இடத்துக்கு வந்து முடிவே 'பாஸ்' ஆகலாம். ஆனால் பொறியியலுக்கு இயற்பியல் மதிப்பெண் கேட்பார்கள், அதனால் அப்போதும் எழுதிவிடுவது நல்லது.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். முடிவு வந்ததும் பள்ளியில் பெயர் சேர்த்தாயிற்றா என்று நேரில் கேளுங்கள், அவகாசம் மிகக் குறைவு. ஜூலை தவறினால் அடுத்த பிப்ரவரி, அதன்பின் அடுத்த ஜூலை என இரண்டு வாய்ப்புகள் உண்டு.

தேறியவர்கள் அதே ஜூலையில் இம்ப்ரூவ்மென்ட் எழுதலாம், அதுவும் ஒரு பாடம்தான். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, தவறிய எல்லாப் பாடங்களையும் துணைத்தேர்வில் எழுதலாம்.