மினிட்ஸில் மறைப்பது மோசடியா?

“மருந்துச் சோதனைக் கண்காணிப்புக் குழுவோட கூட்ட மினிட்ஸ்ல பாதிய ஸ்பான்சருக்கே காட்டறதில்ல. மருந்தோட பக்கவிளைவ மறைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?”

இல்லைங்க. அவை தனித்தனியாக எழுதப்படும் இரண்டு மினிட்ஸ்: சோதனையை நடத்தும் நிறுவனமான ஸ்பான்சரும் கலந்துகொள்ளும் திறந்த அமர்வுக்கு ஒன்று, ஸ்பான்சர் இல்லாத மூடிய அமர்வுக்கு ஒன்று. ஒரு சோதனையில் கல்லீரல் பாதிப்பு மொத்தம் 14 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 14 திறந்த அமர்வின் மினிட்ஸில் இருக்கும், ஸ்பான்சரும் படிப்பார். மருந்துப் பிரிவில் 11, ஒப்பீட்டுப் பிரிவில் 3 என்ற பிளவு மூடிய அமர்வின் மினிட்ஸில் மட்டும்தான். அது கசிந்தால் மருத்துவர்கள் நோயாளிகளைச் சேர்க்கத் தயங்குவார்கள், சோதனையே கோணிவிடும்.

“மூடிய மினிட்ஸை அழித்துவிடுவார்கள்” என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. கூட்டத்தில் கொடுத்த அச்சுப் பிரதிகளைத்தான் அழிப்பார்கள். மூடிய மினிட்ஸை வழக்கமாகச் சார்பற்ற புள்ளியியலாளர் பூட்டி வைத்திருந்து, சோதனை முடிந்ததும் ஸ்பான்சரிடம் ஒப்படைப்பார்.

நான் மினிட்ஸ் எழுதிய ஒரு குழுவில், பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரைவு “இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரிவதால் மாற்றமின்றித் தொடரலாம்” என்றிருந்தது. தலைவர் பின்பாதியை மட்டும் விட்டுவைத்தார்: “மாற்றமின்றித் தொடரலாம்.” காரணம் மூடிய மினிட்ஸுக்குப் போனது.

சிக்கல் வேறு இடத்தில். “இரண்டு வாரத்துக்கொரு முறை கல்லீரல் பரிசோதனை சேருங்கள்” என்று பரிந்துரைத்தாலே ஸ்பான்சர் ஊகித்துவிடுவார். அப்போது காரணத்தை எவ்வளவு சொல்வது என்பதில் குழுக்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை.