நூறு வந்துவிட்டால் சரியா?

போன வாரம் அலுவலகத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். விசயம் ஒரே ஒரு வரி. ஆனால் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். எக்செலில் தகவல் ஏற்றும் வேலை செய்கிறவர்களுக்கு உதவும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

திருகோணமலைக் கரையோரத்தில் சில கரைவலைப் பாடுகளில் என்ன மீன் எவ்வளவு படுகிறது என்று நாங்கள் மாதாமாதம் பதிகிறோம். சல்லி, திருக்கடலூர், நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கரைகரையாகப் படிவம் வரும். ஒரு வலைக்கு ஒரு வரி. அதில் சாளை, நெத்தலி, சூரை, பாரை, மற்றவை என்று ஐந்து கட்டங்கள். வலை கரைக்கு வந்ததும் கூடைகளைப் பார்த்து, மொத்தத்தில் எது எத்தனை சதவீதம் என்று பதிகாரர் எழுதுவார். ஐந்தையும் கூட்டினால் நூறு வரவேண்டும். வராவிட்டால் அந்த வரி சிவப்பாகும்படி நான்தான் விதி போட்டு வைத்தேன்.

சிவப்பான வரி இது: 46, 32, 12, 8, 11. கூட்டினால் 109.

ஒன்பது கூடுகிறது. ஒன்பது என்றாலே எனக்கு மாமாவின் நினைப்புத்தான் வரும். சங்கக்கடையில் கணக்கு எழுதினவர். மிச்சம் ஒன்பதால் பிரிபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று தேடச் சொல்லுவார். 23 என்பதை 32 என்று எழுதினால் வித்தியாசம் 9. 27 என்பதை 72 என்று எழுதினால் 45. எந்த இரண்டு இலக்கத்தைத் திருப்பிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். பழைய கணக்குப்பிள்ளைமார் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கும் இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் வரியைப் பார்த்தான். ஐந்து எண்ணிலும் திருப்பிப் போட்டால் சரியாக ஒன்பது குறைவது 32 மட்டும்தான். 46ஐத் திருப்பினால் 64, இன்னும் கூடும். 12ஐத் திருப்பினால் 21, அதுவும் கூடும். 11 திரும்பினாலும் 11. ஆக நெத்தலிதான் குற்றவாளி என்று முடிவு கட்டி 32ஐ 23 ஆக்கிவிட்டான். வரி பச்சையாகிவிட்டது. நான் கேட்டபோது, "அத நான் திருத்திட்டன் அக்கா, இப்ப நூறு வருது" என்றான். முகத்தில் ஒரு பெருமை வேறு.

படிவத்தைப் பார்த்தாயா என்றேன். இல்லை.

கோப்பை எடுத்துப் பார்த்தோம். உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்த தாள், ஓரமெல்லாம் சுருங்கியிருந்தது. ஆனால் எழுத்து தெளிவு. நெத்தலி 32 தான். பிழை சூரையில். தாளில் 3 என்று இருக்கிறது. அதற்கு நேர் மேலே, முதல் வலையின் வரியில், சூரை 12. தட்டச்சுச் செய்தவரின் கண் ஒரு வரி மேலே போய்விட்டது, அவ்வளவுதான். 46, 32, 3, 8, 11. கூட்டினால் நூறு. ஒன்பது வந்தது வெறும் தற்செயல்.

இப்போது தம்பி செய்ததை யோசித்துப் பாருங்கள். முதலில் ஒரு கட்டம் பிழை. திருத்திய பிறகு இரண்டு கட்டம் பிழை. முன்பு அந்த வரி சிவப்பாக நின்று நம்மைக் கூப்பிட்டது. இப்போது பச்சையாகிச் சனத்துக்குள் கலந்துவிட்டது. அந்த விதியால் இனி அதைப் பிடிக்கவே முடியாது. வாக்குவாதம் இதில்தான் வந்தது. "நூறு வரவேணும் எண்டுதானே விதி போட்டனீங்கள்" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். என் பதில்: வரியில் எங்கோ பிழை என்பதுவரைக்கும்தான் விதிக்குத் தெரியும். எந்தக் கட்டம் என்று அதற்குத் தெரியாது, சரியான எண் என்ன என்று சுத்தமாகத் தெரியாது. ஒன்பது வித்தை முதலில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று காட்டும், அவ்வளவுதான். எண்ணை மாற்றும் உரிமை தாளுக்கு மட்டும். தாள் இல்லையென்றால் அந்த வரியைச் சிவப்பாகவே விட்டுவிட வேண்டும்.

இதே நோய் இன்னொரு வடிவத்திலும் உண்டு. முன்பு யாரோ 'மற்றவை' கட்டத்தில் எண்ணைத் தட்டாமல் சூத்திரம் போட்டு வைத்திருந்தார்கள், நூறிலிருந்து மற்ற நாலையும் கழிக்கும்படி. வேலை மிச்சம்தான். ஆனால் அதன்பிறகு கூட்டுத்தொகை எப்படிப் பார்த்தாலும் நூறுதான். சாளையை 46க்குப் பதிலாக 64 என்று தட்டினாலும் மற்றவை பேசாமல் 18ஆல் குறைந்து இடம் கொடுக்கும். சிவப்பே வராத அந்த மாதங்களை நாங்கள் நல்ல மாதங்கள் என்று நினைத்திருந்தோம்! மற்றவையையும் தாளைப் பார்த்துத் தனியாகத் தட்டினால்தான் கூட்டிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தொல்லையும் ஒன்று உண்டு. ஒரு கரையில் கண்ணால் மதிக்காமல் தராசில் நிறுத்து, கிலோவைச் சதவீதமாக்கி, ஒரு தசம தானத்துக்கு எழுதுவார்கள். அங்கே 99.9, 100.1 என்று வருவது பிழையே இல்லை, முழுதாக்குவதால் வருவது. ஒவ்வொரு கட்டத்திலும் கூடியது 0.05 விலகலாம். ஐந்து கட்டத்துக்கு 0.25. ஆகவே நேரே நூறா என்று கேட்காமல் இப்படிக் கேட்க வேண்டும்:

```
=IF(ABS(SUM(D2:H2)-100)>0.25,"பார்","")
```

இதைச் செய்யாதவரை அந்தக் கரையின் வரிகளில் பாதி சிவப்பாகவே நின்றன. சும்மா சும்மா சிவப்பு வந்தால் என்ன நடக்கும்? யாரும் சிவப்பைப் பார்க்கமாட்டார்கள். கண்மதிப்பில் முழு எண்ணாக எழுதும் கரைகளுக்கு இந்தச் சலுகை தேவையில்லை. அங்கே 99 என்றால் பிழைதான்.

சரி, திகதிக் கதைக்கு வருகிறேன். அது இதைவிட மோசம்.

ஒவ்வொரு படிவத்திலும் இரண்டு திகதிகள். வலை இழுத்த நாள், மேற்பார்வையாளர் கையெழுத்து வைத்த நாள். இரண்டாவது முதலாவதுக்கு முந்தியிருக்க முடியாது. விதி சுலபம், `C2>=B2`. 2024 யூலைப் படிவங்களை ஏற்றியபோது ஏறக்குறைய எல்லா வரியும் பச்சை. ஒரே ஒரு வரியில் யாரோ தற்செயலாகக் கவனித்தார்கள், வலை இழுத்த நாள் டிசம்பர் 7. நாங்கள் இன்னும் ஆகஸ்டில் இருக்கிறோம். போதாததற்கு, மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கிற டிசம்பரில் கரைவலையில் இவ்வளவு சாளையா என்று ஒருவர் சிரித்தார்.

காரணம் தெரிந்த ஒன்றுதான். நாம் நாள், மாதம், வருடம் என்று தட்டுகிறோம். அந்த மடிக்கணினியோ அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்து வாசித்தது. 12/07/2024 அதற்கு டிசம்பர் 7. 04/07/2024 ஏப்ரல் 7. 13/07/2024 வந்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லையே, அதைத் திகதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்த்தால் தெரியும், எண்ணாக ஏறிய திகதி கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நின்றது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். யூலை மாத அட்டவணையை வரிசைப்படுத்திப் பார்த்தபோது சனவரி 7, பெப்ரவரி 7, மார்ச் 7 என்று வருடம் முழுக்க ஏழாம் திகதிகளாக வந்தன.

அப்படியானால் எங்கள் வரிசை விதி ஏன் பிடிக்கவில்லை? நான் அன்று கொஞ்ச நேரம் திகைத்துத்தான் போனேன். ஒரு வரியை எடுங்கள். வலை யூலை 4, கையெழுத்து யூலை 6. இரண்டும் திரும்பினால் ஏப்ரல் 7, யூன் 7. முன்பின் குலையவே இல்லை! ஒரே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளுக்குள் இரண்டு திகதியும் இருந்தால், இரண்டும் பிழையாகிச் சரியான வரிசையில் நிற்கும். இனி வலை யூலை 11, கையெழுத்து யூலை 13. முதலாவது நவம்பர் 7 ஆகிவிட்டது, இரண்டாவது எழுத்து. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால் எக்செலுக்கு எழுத்துத்தான் எப்போதும் பெரிது. ஆக அதுவும் பச்சை. சிவப்பான சில வரிகள் யூன் கடைசியில் வலை இழுத்து யூலை தொடக்கத்தில் கையெழுத்து வைத்தவை. அங்கே எழுத்து முன்னாலும் எண் பின்னாலும் வந்ததால் விதி தடக்கியது. நாங்கள் அந்த வரிகளை மட்டும் கையால் சரிப்படுத்திவிட்டு நிம்மதியாகப் போயிருந்தோம்.

இப்போது முன்பின் கேட்பதை விட்டுவிட்டு இடைவெளியைக் கேட்கிறோம்:

```
=C2-B2
```

மேற்பார்வையாளர் ஒரு கிழமைக்குள் கையெழுத்து வைத்துவிடுவார், அதுதான் எங்கள் நடைமுறை. ஆகவே விடை 0 முதல் 7க்குள் வரவேண்டும். ஏப்ரல் 7க்கும் யூன் 7க்கும் கழித்தால் 61, உடனே தெரிந்துவிடும். எழுத்தாக நின்ற 13/07 என்றால் கழிக்க முடியாமல் `#VALUE!` என்று கத்தும். கழித்தல் ஒன்றே இரண்டு வகைப் பிழையையும் வெளியே இழுத்துவிடுகிறது. இதிலும் ஓட்டை உண்டு. இரண்டும் ஒரே நாளாக இருந்தால், யூலை 4க்கும் யூலை 4க்கும் இடைவெளி பூச்சியம், திரும்பினாலும் பூச்சியம். அதற்காக, கையெழுத்துத் திகதி அந்த மாதத்துக்குள் இருக்கிறதா என்று ஒரு விதியைத் தனியாகப் போட்டோம்.

தம்பிக்கும் எனக்கும் இப்போது சமாதானம். அவன் முன்பு 'திருத்திய' வரிகளையெல்லாம் தாளோடு வைத்துப் பார்க்கிறான். பழைய எண், புதிய எண், எதைப் பார்த்து மாற்றியது என்று மூன்று கட்டம் வலப்பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தால் மாற்றம் செல்லாது.

நேற்று அவனே ஒன்றைக் கொண்டு வந்தான். கூட்டுத்தொகை 96. மாமாவின் ஒன்பது பொருந்தவில்லை. தாளைப் பார்த்தால் தாளிலும் 96. மற்றவை கட்டம் வெறுமை. முன்பென்றால் அங்கே 4 என்று போட்டு முடித்திருப்பான். இந்தமுறை பதிகாரருக்கு அழைப்பெடுத்தான். அவர் வயதானவர், கரைவலையிலேயே வளர்ந்தவர்.

"ஐயா, மிச்சம் நாலு என்ன?"

"அது கணவாய் தம்பி."

"அப்ப மற்றவையில போடலாம்தானே?"

"மேல மீன் வகை எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. கணவாய் மீனே?"