விலைவாசி இறங்க எத்தனை பேர் வேலை இழக்கணும்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் அண்ணன் போன வாரம் ஆணி நிறுத்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், பேங்க் நெகாரா வட்டியை ஒரே தூக்காத் தூக்கணும். அப்பத்தான் இந்த விலையெல்லாம் அடங்கும்." பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் படிவம் ஆறு மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுப்பவள். கடையில் நின்று பாடம் நடத்த முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பணவீக்கம் இறங்குவது என்றால் விலை இறங்குவது இல்லை. 5 வெள்ளிக்கு விற்ற மீ கோரெங் 6 வெள்ளி ஆகிவிட்டால், பணவீக்கம் அடங்கிய பிறகும் அது 6 வெள்ளிதான். அடுத்த வருஷம் 7 ஆகாமல் 6.20 ஆகும், அவ்வளவுதான். அண்ணன் ஆசைப்படுவது வேறு, வட்டி செய்யக்கூடியது வேறு. அந்த அளவுக்குச் செய்யவும் ஒரு விலை உண்டு. அந்த விலைக்குப் பொருளியலில் தியாக விகிதம் என்று பெயர்: பணவீக்கத்தை ஒரு சதவிகிதப் புள்ளி குறைக்க, ஒரு நாடு தன் ஓராண்டு உற்பத்தியில் எத்தனை சதவிகிதத்தை இழக்கிறது என்ற கணக்கு.

எல்லாரும் எடுத்துக்காட்டும் கதை அமெரிக்காவுடையது. பால் வோல்க்கர் 1979 ஆகஸ்டில் அந்த நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவரானார். 1980-இல் அங்கே நுகர்வோர் விலை சராசரியாக 13.5 சதவிகிதம் ஏறியது. அவர் பணத்தை இறுக்கினார், 1981-இல் குறுகிய கால வட்டி 19 சதவிகிதத்தைத் தொட்டது. வீடு கட்டுகிறவர்களுக்கு விற்பனை நின்றுபோனது. மரக்கட்டைத் துண்டுகளில் தங்கள் கோரிக்கையை எழுதி அவருக்கே அஞ்சலில் அனுப்பினார்கள். கார் விற்பவர்கள் விற்காமல் கிடந்த கார்களின் சாவிகளை அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டரோடு வந்து ஃபெடரல் ரிசர்வ் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவிகிதம்.

பாடநூல் வழியில் நாங்கள் வகுப்பில் போடும் கணக்கு இது. நாட்டின் மொத்த உற்பத்தியை வைத்துப் போடும் விலைக் குறியீட்டின்படி 1981-இல் 9.7 சதவிகிதமாக இருந்த பணவீக்கம் 1985-இல் 3 சதவிகிதத்துக்கு வந்தது. இறக்கம் 6.7 புள்ளி. வேலையின்மை 1982-இலும் 1983-இலும் 9.5, 1984-இல் 7.4, 1985-இல் 7.1. பொருளாதாரம் நன்றாக ஓடும்போதும் கொஞ்சம் பேர் வேலை மாறிக்கொண்டும் தேடிக்கொண்டும்தான் இருப்பார்கள். அந்த இயல்பு அளவை 6 என்று வைத்துக்கொள்கிறோம். அதற்கு மேலே உள்ளதுதான் பணவீக்கத்தை அடக்கக் கொடுத்த கூலி: 3.5, 3.5, 1.4, 1.1. கூட்டினால் 9.5. ஒரு புள்ளி கூடுதல் வேலையின்மைக்கு உற்பத்தியில் இரண்டு சதவிகிதம் போகும் என்பது பொருளியலாளர் ஆர்தர் ஓக்குன் சொன்ன விதியின் சுருக்கம். அப்படிப் பார்த்தால் இழப்பு 19 சதவிகிதம். 19-ஐ 6.7-ஆல் வகுத்தால் 2.8. அதுதான் தியாக விகிதம்.

அந்த 19 சதவிகிதம் எவ்வளவு என்று மாணவர்களுக்குப் புரியவைக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு 52 வாரம். அதில் ஏறக்குறைய பத்து வாரம் நாடு முழுக்க ஒரு ஃபேக்டரியும் ஓடவில்லை, ஒரு லாரியும் கிளம்பவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது நாலு வருஷத்தில் பரவலாகப் போனது.

ஆனால் அந்தப் பத்து வாரம் எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. பத்துப் பேர் ஆளுக்குப் பத்து வாரம் சம்பளம் இழப்பதும், இரண்டு பேர் ஒரு வருஷம் முழுக்கச் சம்பளமில்லாமல் கிடப்பதும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே எண். 2.8 இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அமெரிக்காவில் அடி பலமாக விழுந்தது கட்டுமானத்திலும், கார், எஃகு ஆலைகளிலும் இருந்தவர்கள் மேல்தான்.

என் வீட்டிலும் விழுந்தது. அப்பா பால்மரம் வெட்டுபவர். வீட்டுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி ரப்பர் விலையோடு ஏறி இறங்கும். 1980-க்கும் 1982-க்கும் இடையில் ரப்பர் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. காரணம் ஒன்றல்ல, ஆனால் அமெரிக்காவில் கார் விற்காவிட்டால் டயர் விற்காது, டயர் விற்காவிட்டால் ரப்பருக்குக் கேட்பு இல்லை என்பது பெரிய காரணங்களில் ஒன்று. அம்மா ஒட்டுக்கடைப் புத்தகத்தில் எழுதி வாங்கிய சாமான் கணக்கு அந்த இரண்டு வருஷமும் தீரவே இல்லை. விடியற்காலையில் பேரட்டுக்குப் போய்வந்து, வாளியில் பாலைக் கொண்டுபோய் ஊற்றி, எடைத்தாளைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அமெரிக்கப் பணவீக்கத்தை இறக்கியதில் எங்கள் லயத்து வீட்டு அடுப்பும் பங்கு கொடுத்தது. அமெரிக்க உற்பத்தியை மட்டும் வைத்துப் போடும் 2.8-இல் அது ஒரு சென்கூடச் சேரவில்லை. இந்தப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனி அந்த எண்ணே எவ்வளவு உறுதியானது என்று பாருங்கள். இயல்பு வேலையின்மை 6 என்றேன். அதை யாரும் அளந்து எடுக்கவில்லை, அது ஒரு மதிப்பீடு. அதையே 6.5 என்று வைத்தால்? கூடுதல் வேலையின்மை 3, 3, 0.9, 0.6, மொத்தம் 7.5. இழப்பு 15 சதவிகிதம். விகிதம் 2.8-இலிருந்து 2.2-க்கு வந்துவிடுகிறது. அரைப் புள்ளி நகர்த்தினதுக்கே கணக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் யாராவது "தியாக விகிதம் இவ்வளவு" என்று ஒரே எண்ணைச் சொன்னால், இயல்பு வேலையின்மைக்கு என்ன வைத்தீர்கள், எந்த வருஷத்தோடு கணக்கை முடித்தீர்கள் என்று கேளுங்கள். முடிக்கும் வருஷம் முக்கியம். வேலை போன ஐம்பது வயதுக்காரர் திரும்ப ஆலைக்கே போகவில்லை என்றால், நாட்டின் உற்பத்தித் திறனே கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அந்த இழப்பு 1985-ஓடு முடிவதில்லை, கணக்கு மட்டும் அங்கே முடிந்துவிடுகிறது.

சரி, விலை ஏற்றத்தை நிறுத்த ஏன் ஆள் வேலை இழக்க வேண்டும்? நம் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் நமக்குத் தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் தெரியும். 1967 தொழிலுறவுச் சட்டப்படி கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் போடணும். அமெரிக்கப் பெரிய ஆலைகளிலும் அன்று மூன்றாண்டு ஒப்பந்தம்தான் வழக்கம். விலைவாசி வருஷம் 9 சதவிகிதம் ஏறும் என்று நினைத்து சங்கம் 9 சதவிகிதச் சம்பள உயர்வு கேட்கிறது, முதலாளியும் தன் பொருள் விலையை 9 ஏற்றலாம் என்று கையெழுத்துப் போடுகிறார். அடுத்த வருஷம் மத்திய வங்கி இறுக்குகிறது. பொருளை 4 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றினால் வாங்க ஆளில்லை. சம்பளம் ஒப்பந்தப்படி 9 ஏறியே தீரும். நடுவில் இருக்கும் பள்ளத்தை முதலாளி ஆளைக் குறைத்துத்தான் மூடுகிறார். எல்லாரும் பணவீக்கம் 4-க்கு வரும் என்று முன்கூட்டியே நம்பி, சம்பளமும் அதற்கேற்பப் பேசப்பட்டிருந்தால் அந்தப் பள்ளமே விழாது.

அதனால்தான் நம்பிக்கைக்கு இவ்வளவு மதிப்பு. வோல்க்கர் மேல் முதலில் யாருக்கும் நம்பிக்கை இல்லை, அதற்கு நியாயமும் உண்டு. 1980 வசந்தத்தில் 17-க்கு மேல் இருந்த வட்டி, பொருளாதாரம் சரிந்ததும் கோடைக்குள் சுமார் 9-க்கு விழுந்தது. பணவீக்கம் அடங்கவில்லை, மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரு நோய்க்கு இரண்டு தடவை அறுவை. பாதியில் நிறுத்துவது இரக்கம் மாதிரித் தெரியும், ஆனால் வேலை போனவனுக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை. பொருளியலாளர் லாரன்ஸ் பால் 1994-இல் பல நாடுகளின் பணவீக்க இறக்கங்களை வைத்துப் பார்த்தபோது, வேகமாக இறக்கிய இடங்களிலும் சம்பளம் எளிதில் மாறக்கூடிய இடங்களிலும் விகிதம் குறைவாக இருந்ததைக் கண்டார். ஓக்குன் 1978-இல் திரட்டிய மதிப்பீடுகளில் ஒரு புள்ளிக்கு ஓராண்டு உற்பத்தியில் 6-லிருந்து 18 சதவிகிதம்வரை போகும் என்று இருந்தது, நடு அளவு 10. நடந்தது அதைவிடக் குறைவு.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 2022 மேயிலிருந்து 2023 மேக்குள் பேங்க் நெகாரா ஓபிஆர் என்னும் அடிப்படை வட்டி விகிதத்தை 1.75-லிருந்து 3.00-க்கு ஏற்றியது, ஒவ்வொரு தடவையும் கால் புள்ளியாக. 2022 ஆகஸ்டில் 4.7 சதவிகிதமாக இருந்த பணவீக்கம் 2023-இல் சராசரி 2.5. பெரிய வேலையிழப்பு இல்லை. உடனே சிலர் "பார், தியாகமே இல்லாமல் இறக்கியாச்சு" என்கிறார்கள். அது தப்பான முடிவு. அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு உலகச் சந்தையில் எண்ணெய், தீவனம், கப்பல் கூலி ஏறியதால் வந்தது. அவை தாமே இறங்கின. பம்பில் ரோன் 95 எண்ணெய் 2.05 வெள்ளியிலேயே கட்டிவைக்கப்பட்டிருந்தது. தானாக வடியும் வெள்ளத்தை நான்தான் வாளியால் இறைத்தேன் என்று சொல்ல முடியாது. வோல்க்கர் கணக்கிலும் இதே சந்தேகம் கொஞ்சம் உண்டு, 1981-க்குப் பிறகு உலக எண்ணெய் விலையும் இறங்கியது.

பணவீக்கம் சம்பளப் பேச்சுக்குள்ளே புகுந்துவிட்டதா, இல்லை வெளியிலிருந்து வந்த விலையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கோழி, எண்ணெய் மாதிரி ஒன்றிரண்டு பொருள் மட்டும் ஏறுகிறதா, இல்லை முடிவெட்டும் கூலி, வீட்டு வாடகை, டியூஷன் கட்டணம் எல்லாம் வருஷா வருஷம் ஒரே வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். முதலாவதுக்கு வட்டியை ஏற்றினால் கோழி விலை அசையாது, கடன் வாங்கிய லாரிக்காரர் மட்டும் தவிப்பார். இரண்டாவது என்றால் ஏற்றித்தான் ஆகணும், ஒரே தடவை, பாதியில் விடாமல்.

அப்படி ஏற்றுவதென்றால் வேலை இழக்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்கணும் என்பது என் பிடிவாதம். 2018 முதல் சொக்சோ வழியாக வேலைக் காப்புறுதித் திட்டம் நமக்கு இருக்கிறது, அது நல்லது. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளி அதில் இல்லை. நான் சின்ன வயதில் அப்பா உட்கார்ந்திருந்த அதே திண்ணையில் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று மறுபடி கடைக்குப் போனேன். "அண்ணே, ரெண்டு பசங்க உங்ககிட்ட வேலை செய்றாங்களே, வட்டி ஏறி வீடு கட்டுறது நின்னா யாரை முதல்ல அனுப்புவீங்க?" என்று கேட்டேன். அவர் உள்ளே பார்த்தார். இரண்டு பேரும் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லவில்லை, என் ரசீதை எழுதத் தொடங்கினார்.