ஸ்லைடில் அப்படித்தானே இருந்தது?

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுதப்படும் சுருக்கங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: ஸ்லைடின் தலைப்பை அப்படியே பெயர்த்தெடுத்து, ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அதற்குச் சுருக்கம் என்று பெயரிடும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

சென்ற வாரம் எனக்கு வந்த சுருக்கத்தின் முதல் வரி இது: "புதிய செயலியால் வாடிக்கையாளர் புகார்கள் வெகுவாகக் குறைந்துள்ளன." அதை நம்பி மேலிடத்துக்கு ஒரு குறிப்பும் அனுப்பிவிட்டேன். "வெகுவாக என்றால் எவ்வளவு?" என்று அங்கிருந்து கேள்வி வந்த பிறகுதான் மூல ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். ஏப்ரலில் 412 புகார்கள், ஜூனில் 371. அதாவது ஏறத்தாழ 10 சதவீதக் குறைவு. ஆனால் வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 350இல் தொடங்கியதால், ஏப்ரல் பட்டை 62 அலகு உயரத்துக்கும் ஜூன் பட்டை 21 அலகு உயரத்துக்கும் நின்றன. பார்த்தவர் கண்ணுக்குப் புகார்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. போதாக்குறைக்கு, ஜூன் முதல் தொலைபேசிப் புகார்கள் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு. ஆக, அந்த 10 சதவீதமே ஒப்பிடத் தகாத இரண்டு எண்களிலிருந்து வந்தது.

சுருக்கம் எழுதியவரிடம் கேட்டபோது, "ஸ்லைடில் அப்படித்தானே சார் இருந்தது?" என்றார். இந்தப் பதில்தான் என் ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. ஸ்லைடில் இருந்தது உண்மை. ஸ்லைடில் இருந்ததெல்லாம் உண்மை அல்ல. அந்த ஒரு வரியில் தகவல் என்று சொல்லத்தக்கது "குறைந்தன" என்பது மட்டுமே, அதுவும் அடிக்குறிப்போடு சேர்த்தால்தான். "வெகுவாக" என்பது ஸ்லைடு தயாரித்தவரின் மதிப்பீடு. "செயலியால்" என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் "ஆல்" என்னும் உருபு, எந்த ஆதாரமும் இல்லாமல் நுழைந்துவிட்ட ஒரு காரண வாதம். செயலியைப் பயன்படுத்தாதவர்களின் புகார்கள் அதே காலத்தில் என்ன ஆயின என்ற ஒப்பீடு அந்த முழுத் தொகுப்பிலும் எங்கும் இல்லை.

இதைவிட மோசமானவை வினைமுற்றே இல்லாத புள்ளி வரிகள். "செலவுக் குறைப்பு" என்று ஒரு வரி. குறைத்துவிட்டார்களா, குறைக்கப் போகிறார்களா, குறைத்தால் நல்லது என்கிறார்களா? காலமும் இல்லை, எழுவாயும் இல்லை. சுருக்குபவர் அதை முழு வாக்கியமாக்கும்போது கைக்கு வந்த காலத்தை ஒட்டிவிடுகிறார்; நேற்றுவரை ஒருவரின் ஆசையாக இருந்தது இன்று நடந்து முடிந்த செயலாகிவிடுகிறது. பேச்சுத் தமிழில் "குறைஞ்சிருக்காம்" என்று ஓர் "ஆம்" சேர்த்தாலே, சொன்னது நானல்ல என்பது விளங்கிவிடும். எழுத்தில் அது ஏளனமாகத் தொனிக்கும் என்பதால் தவிர்க்கிறோம். சரி, அதன் இடத்தில் "என்று குழு கருதுகிறது" என்று எழுத என்ன தடை?

இது வெறும் சொல் விளையாட்டு என்பவர்கள் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறிப்போன கொலம்பியா விண்ணோடத்தைப் பற்றிய 2003ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையைப் புரட்டிப் பார்க்கட்டும். விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோது, நுரைத் துண்டு மோதியதால் வெப்பத் தடுப்பு ஓடுகளுக்கு நேரக்கூடிய சேதத்தைப் பற்றி ஒரு ஸ்லைடு காட்டப்பட்டது. ஆபத்தில்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருந்தது தலைப்பு. சோதனையில் பயன்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம், இங்கே கணக்கில் கொள்ளப்பட்டதோ 1920 கன அங்குலம் என்ற தகவல் கடைசிப் புள்ளியில் கிடந்தது. 640 மடங்கு வேறுபாடு! மேலே இருந்தது கருத்து, கீழே இருந்தது தகவல். அந்த ஸ்லைடைத் தலைப்பளவில் சுருக்கினால் எது மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் வந்த வரியை நானே திருத்தி எழுதினேன்: "ஏப்ரலில் 412 ஆகப் பதிவான புகார்கள் ஜூனில் 371 ஆகப் பதிவாயின, ஜூன் கணக்கில் தொலைபேசிப் புகார்கள் இல்லை. குறைவுக்குப் புதிய செயலியே காரணம் என்று குழு கருதுகிறது. அதற்கான ஒப்பீடு தரப்படவில்லை." நீளம் கூடிவிட்டதே என்று அந்த நண்பர் முகம் சுளித்தார். கூடத்தான் செய்யும், அவர் எழுதிய ஒற்றை வரிக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருந்தன.

இன்று காலை அவரிடமிருந்து அடுத்த சுருக்கம் வந்தது. "ஊழியர்களின் ஊக்கம் கணிசமாக உயர்ந்துள்ளது" என்று தொடங்கியது. மூல ஸ்லைடைத் திறந்தேன். "ஊக்கம் உயர்வு" என்ற தலைப்பின் கீழ் எண்ணும் இல்லை, வரைபடமும் இல்லை; கைகளை உயர்த்திச் சிரிக்கும் நால்வரின் படம் இருந்தது.